சிபிடி ட்ரயல்ல தெரபிஸ்ட் வேரியன்ஸ் 0 எண்டு வருது, மொடல்ல இருந்து தூக்கலாமா?

வெள்ளவத்தை நிலா:
எல்லாருக்கும் வணக்கம், அவசரம், தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் பாருங்கோ. கொழும்பில ரெண்டு கிளினிக்ல டிப்ரஷன் பேஷன்ட்ஸ் 84 பேர், ரண்டமைஸ் பண்ணி 42 பேருக்கு சிபிடி, மற்ற 42 பேருக்கு வழமையா கிளினிக்ல குடுக்கிற ட்ரீட்மென்ட் மட்டும். சிபிடிய 6 தெரபிஸ்ட் செய்தவை, ஆளுக்கு 7 பேர். 12 கிழமைக்குப் பிறகு எடுத்த பெக் ஸ்கோர்தான் அவுட்கம். சாதாரண ரிக்ரஷன்ல சிபிடி பக்கம் 3.9 புள்ளி குறைவு, பி-வலியூ 0.03. சுப்பவைசர் சந்தோசம். இப்ப ரிவியூவர் ஒராள் "தெரபிஸ்ட் கிளஸ்டரிங்க ஏன் பார்க்கேல்ல" எண்டு எழுதியிருக்கிறார், அதால இப்பிடி ஓட்டினன்:

```r
m1 <- lmer(bdi12 ~ bdi0 + arm + (1 | therapist), data = d)
# boundary (singular) fit: see help('isSingular')
```

தெரபிஸ்ட் வேரியன்ஸ் 0.00. கொன்ட்ரோல் ஆக்களுக்கு தெரபிஸ்ட் இல்லைத்தானே, அந்த கொலத்த வெறுமையா விட்டா 42 பேரும் அனலிசிஸ்ல இருந்து விழுந்திடீனம், அதால எல்லாருக்கும் therapist = 0 எண்டு போட்டன். இப்ப "தெரபிஸ்ட் எஃபெக்ட் இல்லை, அதால எடுத்திட்டம்" எண்டு ரிவியூவருக்கு எழுதலாமா?

ஆர் தம்பி:
எழுதலாம் அக்கா. சிங்குலர் எண்டா மொடல் டேட்டாவ விட பெருசு எண்டு அர்த்தம், சின்னதாக்கச் சொல்லித்தான் ஹெல்ப் பக்கத்திலயும் இருக்கு. மனசு கேக்கேல்ல எண்டா தெரபிஸ்ட்ட ஃபிக்ஸ்ட் எஃபெக்டா போடுங்கோ, 6 பேர்தானே, `factor(therapist)` எண்டு போட்டா சிம்பிளா முடிஞ்சுது.

பழைய புள்ளி:
தம்பி, அந்த ஃபிக்ஸ்ட் எஃபெக்ட்ட இங்க போட்டுப் பாரும், ஒரு கொலம் ட்ரொப் ஆகும். 6 தெரபிஸ்ட் டம்மியையும் கூட்டினா அதுவே சிபிடி டம்மி, arm எண்டதுக்கு மிச்சம் ஒண்டுமில்லை. அதோட நிலா கேக்கிறது "இந்த 6 பேர்ட கையில சிபிடி வேலை செய்ததா" எண்டில்லையே, நாளைக்கு ஏழாவது ஆள் செய்தாலும் வேலை செய்யுமா எண்டதுதான். அதுக்கு அவை ரண்டமாத்தான் இருக்க வேணும்.

நிலா, ரெண்டு விசயம். முதல்ல அந்த 0. நீங்கள் கொன்ட்ரோல் 42 பேரையும் ஒரே தெரபிஸ்ட் பார்த்த மாதிரி ஒரு பெரிய கிளஸ்டரா கட்டி வைச்சிருக்கிறியள். வேரியன்ஸ் இப்ப 0 ஆ இருக்கிறதால அந்தப் பிழை வெளியில தெரியேல்ல. மொத்த வேரியன்ஸ் 64 எண்டும் அதில தெரபிஸ்ட் பங்கு 5 வீதம், அதாவது 3.2 எண்டும் வைப்பம். சிபிடி பக்கம் அந்த 3.2, ஆறு பேருக்குப் பிரிஞ்சு 0.53 ஆகும், ஆனா கொன்ட்ரோல் பக்கம் ஒரே ஒரு "தெரபிஸ்ட்" எண்டதால முழு 3.2 உம் அப்பிடியே ஏறும். ஸ்டாண்டர்ட் எரர் 1.9 வர வேண்டிய இடத்தில 2.6 வரும். இல்லாத ஆளுக்கு நீங்கள் தண்டம் கட்டுறியள். சரியா எழுதினா இப்பிடி:

```r
d$cbt <- as.numeric(d$arm == "CBT")
m2 <- lmer(bdi12 ~ bdi0 + cbt + (0 + cbt | therapist), data = d)
```

கொன்ட்ரோல்ல cbt = 0, அதால தெரபிஸ்ட் பகுதி அங்க தானா அணைஞ்சிடும், ஐடி என்ன போட்டாலும் ஒண்டுதான்.

ரெண்டாவது, வேரியன்ஸ் 0 எண்டு வாறது "எஃபெக்ட் இல்லை" எண்டதுக்கு சாட்சி இல்லை. 6 பேர், ஆளுக்கு 7 பேஷன்ட், உண்மையான ஐசிசி 5 வீதம் எண்டு வைச்சு இத ஓட்டுங்கோ:

```r
pf(1 / (1 + 7 * 0.05 / 0.95), 5, 36)
```

0.39 போல வரும். எஃபெக்ட் உண்மையா இருந்தும் பத்துக்கு நாலு தடவை எஸ்டிமேட் 0 இலதான் ஒட்டும். போல்ட்வினும் இமெலும் 2013இல தொகுத்ததில சராசரி 5 வீதம் போல, ட்ரயல்களில 3, வழமையான கிளினிக்குகளில 7. அதால 5 எண்டது நான் வானத்தில இருந்து பிடுங்கின நம்பர் இல்லை.

m2 ஓட்டிப் பாருங்கோ. அதோட bdi0 கழிச்ச பிறகு ஒவ்வொரு பக்கத்தின்ர எஸ்டியையும் தனித்தனியா போடுங்கோ, எனக்கு ஒரு சந்தேகம்.

கண்டி வீதி:
எனக்கும் இதே பிரச்சினைதான்!! எங்கட ஸ்டடில 9 கவுன்சலர், ஒவ்வொருத்தரும் ரெண்டு விதமான தெரபியும் செய்றாங்க, பாதி பேஷன்ட்டுக்கு இது பாதிக்கு அது. நானும் (0 + cbt | therapist) போடவா?

பழைய புள்ளி:
இல்லை, உங்கட கதை வேற. உங்கட ஆக்கள் ரெண்டு பக்கமும் நிக்கினம், அதால ஆளுக்கு ஆள் பொதுவான திறமை ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகும். உங்களுக்கு முக்கியம் "இந்தாள் எந்த தெரபில கூடக் கெட்டி" எண்ட வித்தியாசம்தான், அதுக்கு `(1 + cbt | therapist)`. வேற இழை திறவுங்கோ, ரெண்டும் கலந்தா நிலாவுக்குக் குழப்பம்.

வெள்ளவத்தை நிலா:
m2 உம் சிங்குலர் அண்ணா, திரும்ப 0.00. எஸ்டி பார்த்தன்: சிபிடி பக்கம் 7.2, கொன்ட்ரோல் பக்கம் 8.8.

பழைய புள்ளி:
நினைச்ச மாதிரித்தான். சிபிடி கிடைச்சவை ஓரளவு ஒரே மாதிரி இறங்கியிருக்கினம், கொன்ட்ரோல்ல சிலர் நல்லா வந்தும் சிலர் அப்பிடியே கிடந்தும் பரவிப் போயிருக்கினம். `lmer` ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ரெசிடுவல் வேரியன்ஸ்தான் வைக்கும். தெரபிஸ்ட் வேரியன்ஸ் சிபிடி பக்கம் மட்டும் மேலதிகமா சேருது, அப்ப மொடலின்ர கண்ணுக்கு சிபிடி பக்கம் கொன்ட்ரோல விடக் கூடப் பரவித்தான் இருக்கலாம், குறையவே ஏலாது. உங்கட டேட்டா நேர் எதிர். கொன்ட்ரோலின்ர சத்தம் பொது ரெசிடுவல ஏத்திவிடுது, தெரபிஸ்ட் வித்தியாசம் அதுக்குள்ள அமிழ்ந்து போகுது. தனித்தனியா விடுங்கோ:

```r
library(nlme)
m3 <- lme(bdi12 ~ bdi0 + cbt, random = ~ 0 + cbt | therapist,
          weights = varIdent(form = ~ 1 | cbt), data = d)
```

கொன்ட்ரோல் ஆள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி ஐடி குடுத்திட்டு ஓட்டுங்கோ.

வெள்ளவத்தை நிலா:
வந்திட்டுது!! தெரபிஸ்ட் எஸ்டி 1.3, ரெசிடுவல் சிபிடி 7.1, கொன்ட்ரோல் 8.8. வித்தியாசம் அதே 3.9தான்.

பழைய புள்ளி:
அப்ப கையாலயே பார்ப்பம். தெரபிஸ்ட்டுக்குள்ள வேரியன்ஸ் 50.4, தெரபிஸ்ட் 1.69, ஐசிசி 3 வீதம் போல. தெரபிஸ்ட்மாரின்ர சராசரிகளை வைச்சுப் பார்த்தா 50.4 + 7 × 1.69 = 62. முந்தின மொடல்ல பொது ரெசிடுவல் 65 க்குக் கிட்ட வந்திருக்கும். 62 அதுக்குக் கீழ, அதான் 0 இல ஒட்டினது.

இப்ப ஸ்டாண்டர்ட் எரர். சிபிடி பக்கம் 1.69/6 + 50.4/42 = 1.48, கொன்ட்ரோல் 77.4/42 = 1.84, கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 1.82. டி வலியூ 2.14. இந்த இடத்தில `lme` தாற டிஎஃப்ப நம்பாதேங்கோ, சிபிடி பக்கம் உங்களிட்ட இருக்கிறது 6 தெரபிஸ்ட், அங்க டிஎஃப் 5தான். ஸாட்டர்த்வெயிட் முறையில ரெண்டு பக்கத்தையும் கலந்தா 21 போல வரும், பி-வலியூ 0.044. ஐசிசி 5 வீதமா இருந்திருந்தா சரியா 0.05 இல நிக்கும், 10 வீதமா இருந்திருந்தா 0.06. பேப்பர்ல இந்த மூண்டையும் போடுங்கோ. வெறும் 0.044 ஐ மட்டும் போட்டா, 6 பேர வைச்சு எஸ்டிமேட் பண்ணின 1.3 ஐ கல்வெட்டு மாதிரி நம்பினதா ஆகும்.

ஆர் தம்பி:
பேயீசியன்ல தெரபிஸ்ட் எஸ்டிக்கு ஒரு பிரையர் குடுத்தா இந்தத் தலையிடியே இல்லையே அண்ணா, 0 இல ஒட்டாது.

பழைய புள்ளி:
ஒட்டாதுதான், ஆனா 6 பேர் எண்டா பிரையர்தான் அரைவாசிக் கதை சொல்லும். செய்யலாம், பிரையர மாத்தி மாத்திக் காட்ட வேணும். அப்பவும் நான் மேல சொன்ன மூண்டு வரிக்குத்தான் வந்து சேருவீர்.

தெகிவளை அக்கா:
நான் ஸ்டட்ஸ் ஆள் இல்ல, கிளினிக்ல வேலை செய்றேன், ஒண்ணு கேக்கவா? அந்த 6 பேர்கிட்ட பேஷன்ட்ஸ் எப்படிப் போனாங்க? எங்க கிளினிக்ல ரண்டமைஸ் எல்லாம் சிபிடியா இல்லையாங்கிறது வரைக்கும்தான், அதுக்கப்புறம் தமிழ்ப் பேஷன்ட் தமிழ் பேசுற தெரபிஸ்ட்கிட்ட, மத்தவங்க சிங்களம் பேசுறவங்ககிட்ட, ரொம்ப சீரியஸா இருக்கவங்க சீனியர் மிஸ்கிட்ட. அப்ப நீங்க தெரபிஸ்ட் வித்தியாசம்னு சொல்றது உண்மையா தெரபிஸ்ட்தானா?

வெள்ளவத்தை நிலா:
அக்கா, இங்கயும் அதேதான்... தமிழ்ல செய்யிற தெரபிஸ்ட் ஒராள்தான், அவரின்ர 7 பேரும் தமிழ் ஆக்கள். மற்ற 5 பேரும் சிங்களம்.

பழைய புள்ளி:
நல்ல கேள்வி. சீரியஸ் ஆக்கள் சீனியரிட்ட போறத bdi0 கொஞ்சம் சமாளிக்கும். மொழியையும் கோவேரியேட்டா போடலாம், கொன்ட்ரோல்லயும் தமிழ் ஆக்கள் இருப்பினம்தானே, பொதுவான வித்தியாசம் அங்க இருந்து தெரியும். ஆனா சிபிடி தமிழ்ல வேற மாதிரி வேலை செய்யுதா, அல்லது அந்த ஒரு தெரபிஸ்ட் வேற மாதிரியா எண்டத இந்த டேட்டால பிரிக்கவே ஏலாது, எந்த மொடலாலயும். தமிழ் செய்ய ரெண்டு பேராவது இருந்திருக்க வேணும்.

தெகிவளை அக்கா:
அப்ப மொழியைப் போட்டா தெரபிஸ்ட் எஃபெக்ட்ல பாதி அதோட போயிராதா? அந்த தமிழ் தெரபிஸ்ட்டோட திறமையை மொழின்னு எழுதிருவீங்க.

பழைய புள்ளி:
போகலாம். நான் போடுவன், நீங்கள் போடமாட்டியள், ரெண்டுக்கும் நியாயம் இருக்கு. பெரிய ஆக்களே அடிபட்ட விசயம் இது. அமெரிக்கால செய்த பெரிய டிப்ரஷன் ட்ரயல் ஒண்டின்ர டேட்டாவ 2006இல ரெண்டு குழு தனித்தனியா எடுத்து, ஒண்டு தெரபிஸ்ட் எஃபெக்ட் இருக்கு எண்டும் மற்றது காணேல்ல எண்டும் எழுதினவை, மொடல்ல எத எப்பிடிப் போட்டவை எண்டதில வந்த வித்தியாசம். நிலா ரெண்டு விதமாவும் ஓட்டி, 3.9 எவ்வளவு அசையுது எண்டு பார்க்கட்டும். ட்ரயல ரெஜிஸ்டர் பண்ணேக்க அனலிசிஸ் பிளான்ல மொழி எழுதியிருந்தா அதுதான் மெயின்.

வெள்ளவத்தை நிலா:
பிளான்ல மொழி இல்லை, அதால தனியாத்தான் போடுவன். கடைசியா ஒண்டு, சுப்பவைசர் "எந்த தெரபிஸ்ட் பெஸ்ட் எண்டு ஒரு டேபிள் போடுவம்" எண்டு நிக்கிறார். அதோட ரெண்டு பேஷன்ட் நாலாம் செஷனுக்குப் பிறகு தெரபிஸ்ட் மாறினவை, அவைய எங்க போடுறது?

பழைய புள்ளி:
டேபிள் வேண்டாம். ஆளுக்கு 7 பேஷன்ட், ஐசிசி 3 வீதம் எண்டா ஒராளின்ர சராசரியில அஞ்சில ஒரு பங்கு கூட அவரின்ர சொந்த வித்தியாசம் இல்லை, மிச்சம் எல்லாம் எந்த பேஷன்ட் வந்து மாட்டினது எண்டதுதான். ரெண்டு பேரையும் முதல் தெரபிஸ்ட்டோடயே வையுங்கோ, பிறகு ரெண்டாவது ஆளின்ர ஐடிய போட்டு ஒருக்கா ஓட்டுங்கோ.