ஷிப்ட் மாற்றக் கேட்டு அனுப்பிய மெயிலுக்கு "முடியாது" என்று ஒரே வார்த்தையில் பதில். எங்கே தவறு?

இரவுப்பணி:
எங்களுக்கு மூன்று ஷிப்ட்: காலை 6–2, மாலை 2–10, இரவு 10–6. எனக்கு 14 சனி இரவு ஷிப்ட். ஞாயிறு காலை 7 மணிக்கு அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. மதியம் வரை நான் கூட இருக்க வேண்டும். சக ஊழியர் ரவி (பெயர் மாற்றியிருக்கிறேன்) என் இரவு ஷிப்டைப் பார்க்கத் தயார். பதிலுக்கு அவருடைய ஞாயிறு மாலை ஷிப்டை நான் பார்ப்பேன். அனுப்பிய மெயில் இதுதான்:

"மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு, சொந்தக் காரணங்களால் சனி இரவு வர இயலாத நிலை. ரவி ஒப்புக்கொண்டுள்ளார். தயவுசெய்து அனுமதிக்கவும். இல்லையெனில் தாங்கள் சொல்லும் வேறு ஏற்பாட்டுக்கும் தயார்."

காரணம் எதுவும் சொல்லாமல் மறுத்துவிட்டார். மறுபடி எழுதலாமா? எப்படி எழுதினால் எடுபடும்?

நேர்ப்பேச்சு:
காரணத்தை விளக்கப் போனால்தான் கேள்வி வரும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் போதும். மெயில் இரண்டு வரியில் இருக்கட்டும். ரவியை CC-யில் போட்டு, "எனக்குச் சம்மதம்" என்று அதே மெயிலுக்கு அவரையே பதில் அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தது.

அட்டவணை:
CC யோசனை சரி. நீங்கள் "ரவி ஒப்புக்கொண்டார்" என்று எழுதுவதைவிட, ரவியே எழுதிய ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். அந்த இரவு ஆள் வராமல் போனால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கிறது. ஆனால் "இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதும்" என்பதை ஏற்க மாட்டேன். ஷிப்ட் அட்டவணை போடுபவர் முதலில் பார்ப்பது இருவரின் முந்தைய, பிந்தைய ஷிப்டுகளைத்தான்.

இரவுப்பணி, ரவிக்கு சனிக்கிழமை எந்த ஷிப்ட்?

இரவுப்பணி:
சனி காலை 6–2. இரவு 10-க்குத்தானே வருவார், நடுவில் 8 மணி நேரம் இருக்கிறதே?

அட்டவணை:
மறுப்புக்குக் காரணம் அநேகமாக அந்த 8 மணி நேரம்தான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும். வேறு இடங்களிலும் சட்டத்தாலோ நிறுவன விதியாலோ ஏதாவது ஓர் இடைவெளி வைத்திருப்பார்கள். உங்கள் இடத்தில் எவ்வளவு என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். விதியே இல்லாவிட்டாலும், மதியம் 2-க்கு முடித்தவர் வீடு போய்ச் சேர்ந்து, இடையில் கொஞ்சம் தூங்கி, மறுபடி விடிய விடிய விழித்திருக்க வேண்டும். மேனேஜர் தயங்குவது நியாயம்.

முழு ஷிப்டை மாற்றாமல் பாதியாகப் பிரித்துப் பாருங்கள். சனி இரவு 10 முதல் 2 வரை நீங்கள். ஞாயிறு அதிகாலை 2 முதல் 6 வரை ரவி. ரவிக்கு மதியம் 2-இலிருந்து அதிகாலை 2 வரை 12 மணி நேர இடைவெளி கிடைக்கிறது. ஈடாக, ஞாயிறு மதியம் 2 முதல் 6 வரை அவருடைய மாலை ஷிப்டின் முன்பாதியை நீங்கள் பாருங்கள். அவர் 6 மணிக்கு வந்து 10 வரை பார்ப்பார். அவருக்கு மறுபடியும் 12 மணி நேரம். உங்களுக்கும் அதிகாலை 2-இலிருந்து மதியம் 2 வரை 12 மணி நேரம், காலை 7-க்கு மருத்துவமனையிலும் இருக்கலாம். இருவரின் மொத்த மணி நேரமும் மாறாது, ஓவர்டைம் பேச்சே எழாது.

ஒரு சிக்கல். அதிகாலை 2 மணிக்கு நீங்கள் வீடு திரும்பவும் ரவி வந்து சேரவும் வண்டி இருக்க வேண்டும். இதை ரவியிடம் முன்பே பேசிவிடுங்கள். மேனேஜர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

மாலைநேரம்:
நானும் இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாறப் பல மாதமாகக் கேட்கிறேன். மருத்துவச் சான்றிதழ் இணைத்தால்தான் நடக்கும். நீங்களும் இணைத்துவிடுங்கள்.

அட்டவணை:
மாலைநேரம், உங்களுடையது நிரந்தர மாற்றம். அதற்குச் சான்றிதழ் தேவைப்படலாம். இவர் கேட்பது ஒரே ஒரு நாள். இதற்கு மருத்துவ விவரம் தேவையில்லை. அதற்காக "சொந்தக் காரணங்கள்" என்று மட்டும் எழுதினாலும் போதாது. அதே வாரம் இன்னும் இரண்டு பேர் மாற்றம் கேட்டிருந்தால், எதைத் தள்ளிப்போட முடியாது என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டும். "குடும்பத்தில் ஒருவருக்கு 15 காலை 7 மணிக்கு அறுவை சிகிச்சை, தேதியை மாற்ற முடியாது, உடன் நான் இருக்க வேண்டும்." இந்த ஒரு வரி போதும்.

அதைவிட முக்கியம், மெயிலின் கடைசி வரி. "தாங்கள் சொல்லும் வேறு ஏற்பாட்டுக்கும் தயார்" என்றால் ஆள் தேடும் வேலை மேனேஜர் தலையில் விழுகிறது. மாற்று ஏற்பாட்டிலும் ஆள், தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும். அவர் "இரண்டாவது" என்று ஒரு சொல்லில் பதில் போட முடிய வேண்டும். வேறு யாராவது இருக்கிறார்களா?

இரவுப்பணி:
மீனா (இதுவும் மாற்றிய பெயர்). அவருக்கு சனி வார விடுமுறை, ஞாயிறு மாலை ஷிப்ட். வேறு வழியே இல்லை என்றால் சனி இரவு முழுவதும் பார்க்கிறேன் என்றார். அவருடைய ஞாயிறு மாலையை நான் பார்க்க வேண்டும்.

அட்டவணை:
அப்படியென்றால் மீனாவின் விடுமுறை சனியிலிருந்து ஞாயிறுக்கு நகர்கிறது. மெயிலில் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விடுமுறை நாளில் வேலை என்று கணக்கில் ஏறி, சம்பளப் பிரிவு கேள்வி கேட்கும். திங்களன்று உங்கள் மூவருக்கும் எந்த ஷிப்ட் என்றும் சரிபாருங்கள். ஞாயிறு இரவு 10-க்கு முடித்தவர் திங்கள் காலை 6-க்கு வர வேண்டியிருந்தால் மறுபடி அதே 8 மணி நேரத்தில் மாட்டுவீர்கள். "சனி இரவு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதிகாலை 2 மணி ஞாயிறுக் கணக்கு. சிலர் சனி என்று படிப்பார்கள்.

இரவுப்பணி:
திங்கள் பார்த்துவிட்டேன்: எனக்கு இரவு, மற்ற இருவருக்கும் மாலை. ஓய்வு விதி எங்கள் இடத்திலும் 11 மணி நேரம்தான் என்று ஹெச்.ஆர். சொன்னார்கள். ரவிக்கு பைக் இருக்கிறது, நானும் பைக்கில்தான் போவேன். இப்படி எழுதியிருக்கிறேன்:

"பொருள்: ஷிப்ட் மாற்ற ஒப்புதல், 14 சனி & 15 ஞாயிறு (11 புதன் மாலைக்குள் பதில் வேண்டி)

வணக்கம் சார்,

15 ஞாயிறு காலை 7 மணிக்கு என் குடும்பத்தில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை. தேதியை மாற்ற முடியாது; நான் உடன் இருக்க வேண்டும். என் முந்தைய கோரிக்கையில் ரவிக்கு 8 மணி நேர ஓய்வே இருந்தது. அதைச் சரிசெய்து மீண்டும் கேட்கிறேன்.

கோரிக்கை: 14 சனி இரவு 10 முதல் 15 ஞாயிறு அதிகாலை 2 வரை நான், அதிகாலை 2 முதல் காலை 6 வரை ரவி. 15 ஞாயிறு மதியம் 2 முதல் மாலை 6 வரை நான். மாலை 6 முதல் இரவு 10 வரை ரவி. இருவருக்கும் இடையில் 12 மணி நேர ஓய்வு உண்டு. மொத்த மணி நேரம் மாறாது. இருவரிடமும் சொந்த வண்டி உள்ளது.

இது இயலாவிட்டால்: 14 சனி இரவு 10 முதல் 15 ஞாயிறு காலை 6 வரை மீனா, அவருடைய 15 ஞாயிறு மாலை ஷிப்ட் முழுவதும் நான். அவரது வார விடுமுறை சனிக்குப் பதில் ஞாயிறாகும்.

ரவி, மீனா இருவரும் CC-யில் உள்ளனர். சம்மதத்தை இதே மெயிலில் தெரிவிப்பார்கள். தங்கள் ஒப்புதல் வரும்வரை இப்போதைய அட்டவணைப்படியே நடக்கிறோம்."

அட்டவணை:
கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இருவர் தாமாக மாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் ஷிப்டுக்கு ஆளில்லாமல் போகும். ஒப்புதல் வந்ததும் அட்டவணை மென்பொருளிலும் மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். பல மென்பொருளில் பாதி ஷிப்ட் பதிய இடமே இருக்காது. கையால்தான் திருத்த வேண்டியிருக்கும்.

நேர்ப்பேச்சு:
இது நீளம்தான், ஆனால் மேனேஜர் திருப்பிக் கேட்க எதுவும் மிச்சமில்லை. ஒன்று கேட்கிறேன்: இரவுப் படி யாருக்கு? ஆளுக்கு 4 மணி நேரம் என்றால் பாதிப் பாதியா?

அட்டவணை:
அது இடத்துக்கு இடம் மாறும். மணிக்கணக்கில் கொடுக்கும் இடமும் உண்டு, முழு இரவு பார்த்தால் மட்டும் கொடுக்கும் இடமும் உண்டு. இரண்டாவது என்றால் இருவருக்குமே கிடைக்காமல் போகலாம். ரவி சம்மதம் அனுப்பும் முன் சம்பளப் பிரிவில் கேட்டுவிடுவது நல்லது.

இரவுப்பணி:
நாளை காலை கேட்டுவிட்டு மெயில் அனுப்புகிறேன். படி கிடையாது என்றால் ரவி மனம் மாறலாம். அப்போது மீனாவின் ஏற்பாட்டை முதலில் வைத்து எழுதுவேன்.