சந்தேகம்: சீன மூலிகை மருந்துப் பெட்டியில் 一次10克(1袋),一日3次 என்றால் ஒரு நாளைக்கு எத்தனை பை?

திருப்பூர்த் துணிக்காரன்

துணி பார்க்கக் குவாங்சோ வந்திருக்கிறேன். வந்த மூன்றாம் நாளே சளி, காய்ச்சல். தங்கியிருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு மருந்துக்கடை. தொண்டையைக் காட்டி, தும்மியும் காட்டியதும் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். முகப்பில் 感冒灵颗粒 என்று இருக்கிறது. உள்ளே சின்னப் பைகள், ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறக் குருணை. பின்பக்கம் 用法用量 என்ற தலைப்பின் கீழ் இந்த வரி:

开水冲服。一次10克(1袋),一日3次。

கூட வந்த நண்பர் கொஞ்சம் சீனம் படித்தவர். "ஒரு தடவை, ஒரு பை" என்று சொன்னார். அதனால் இரண்டு நாளாக, நாளுக்கு ஒரு பைதான் குடிக்கிறேன். காய்ச்சலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650-ஐ மூன்று வேளையும் போடுகிறேன். சரியாகத்தான் குடிக்கிறேனா? சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் தெரியவில்லை.

யிவூ வியாபாரி

தம்பி, நான் பத்து வருஷமாக இங்கே வந்து போகிறேன். நாளுக்கு மூன்று பை. 一日3次 என்றால் ஒரு நாளைக்கு மூன்று முறை. கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் கரைத்து, சூடாகவே குடிக்கணும். மூலிகைதானே, டோலோவோடு சேர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. பெட்டியில் அரசு அனுமதி எண்ணைக் குறிக்கும் 国药准字 என்பதற்குப் பிறகு Z என்ற எழுத்து இருந்தால் அது மூலிகை மருந்து. பயமில்லாமல் குடி.

கொத்தமல்லி

எந்தக் கடை என்று சொல்ல முடியுமா? முடி கொட்டுவதற்கு அங்கே நல்ல மூலிகை எண்ணெய் கிடைக்கும் என்றார்கள்.

நான்ஜிங்கில் படித்தவள்

அண்ணா, முதலில் அந்த வரியைப் பார்ப்போம். உங்கள் நண்பர் சொன்னதில் ஒரு 'க்கு' விட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான். 一次 என்பது 'ஒரு தடவைக்கு'. 一日 என்பது 'ஒரு நாளைக்கு'. அப்போது மொத்த வரியும் இப்படி வரும்: ஒரு தடவைக்கு 10 கிராம், அதாவது ஒரு பை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. பெரும்பாலான பெட்டிகளில் இந்த அமைப்புத்தான் வரும். அதனால் இரண்டு எழுத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். 日 என்பது நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஜன்னல் மாதிரி இருக்கும், அதுதான் நாள். இடப்பக்கம் இரண்டு துளி வைத்த 次 என்பது தடவை. 次 இரண்டு இடத்தில் வருவதால்தான் குழப்பம். எண் அதற்கு முன்னால் இருந்து 一日-க்குப் பின் வந்தால், அது எத்தனை தடவை என்ற கணக்கு. சில பெட்டிகளில் 3-க்குப் பதிலாக 三 என்று மூன்று கோடு போட்டிருப்பார்கள், பொருள் அதேதான்.

开水 என்றால் கொதிக்க வைத்த தண்ணீர். கரைவதற்குச் சூடு வேண்டும், ஆனால் வாயைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை, ஆறிக் குடிக்கிற பதம் வந்ததும் குடியுங்கள்.

சாப்பாட்டுக் கேள்விக்கு: 饭 என்ற எழுத்தைத் தேடுங்கள், அது சோறு. 饭前 என்றால் சோற்றுக்கு முன், 饭后 என்றால் சோற்றுக்குப் பின். 空腹 என்றால் வெறும் வயிறு, 睡前 என்றால் தூங்குவதற்கு முன். நீங்கள் எழுதியிருக்கும் வரியில் இவற்றில் ஒன்றுமே இல்லை. அதாவது பெட்டி சாப்பாட்டு நேரம் எதையும் சொல்லவில்லை. காலை, மதியம், இரவு என்று இடைவெளி விட்டுக் குடித்தால் போதும். வயிறு புரட்டினால் சாப்பிட்டபின் குடியுங்கள்.

ஆனால் டோலோ விஷயத்தில் யிவூ அண்ணா சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள். Z என்பது சீன மருந்துப் பிரிவில் பதிவானது என்று காட்டும், அது சரி. ஆனால் அந்தப் பிரிவிலேயே மேற்கத்திய மருந்து கலந்தவையும் உண்டு, இது அப்படி ஒன்று. உட்பொருட்களைச் சொல்லும் 成份 என்ற தலைப்பின் கீழே 对乙酰氨基酚 என்ற ஆறு எழுத்தைத் தேடுங்கள். அதுதான் பாராசிட்டமால், டோலோவில் இருப்பதும் அதேதான். பக்கத்தில் 马来酸氯苯那敏 என்று இருந்தால் அது தூக்கம் வர வைக்கும் சளி மருந்து.

இந்த வகையில் வழக்கமாக ஒரு பைக்கு 200 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். நாளுக்கு மூன்று பை என்றால் 600. டோலோ மூன்று என்றால் 1950. சேர்த்தால் 2550. ஆரோக்கியமான பெரியவருக்குச் சொல்லும் 4000 மில்லிகிராம் உச்சத்துக்கு இது கீழேதான், இதுவரை நடந்ததற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் இனி இன்னொரு சளி மாத்திரையும் சேர்த்தாலோ, டோலோவைக் கூட்டினாலோ கணக்கு வேகமாக ஏறும். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். இரவில் வியாபாரிகளோடு குடிக்கிற பழக்கம் இருந்தால் இந்த மருந்து முடியும்வரை வேண்டவே வேண்டாம். கல்லீரல் விஷயம். வண்டியும் ஓட்டாதீர்கள்.

யிவூ வியாபாரி

என் பெட்டியிலும் அந்த ஆறு எழுத்து இருக்கிறது. இத்தனை நாள் பார்த்ததே இல்லை. தங்கச்சி, நன்றி.

மதுரை மகன்

என் கேள்வி வேறு. அப்பாவுக்கு ஒரு நண்பர் கொடுத்த 六味地黄丸 குப்பியில் 一次8丸 என்று இருந்தது. அப்புறம் அதே பெயரில் இன்னொரு பெட்டி வந்தது. அப்பா அதே எட்டுதான் என்று நினைத்துத் திறந்தால், ஒவ்வொரு உருண்டையும் நெல்லிக்காய் அளவு! எட்டு எப்படி விழுங்குவது என்று நிறுத்திவிட்டார்.

நான்ஜிங்கில் படித்தவள்

நிறுத்தியது நல்லது. பெயர் ஒன்றுதான், வடிவம் வேறு. குப்பியில் வருவது செறிவூட்டிய சின்ன உருண்டை, தடவைக்கு எட்டு. பெரியது தேன் சேர்த்துப் பிடித்த உருண்டை, ஒன்று 9 கிராம். அதில் தடவைக்கு ஒன்று, நாளுக்கு இரண்டு தடவை. எட்டு என்றால் ஒரே தடவையில் 72 கிராம். இரண்டிலும் 丸 என்றுதான் எழுதியிருக்கும், அதனால் ஒன்றின் எடையைச் சொல்லும் 规格 வரியைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பெரியதில் 每丸重9克 என்று இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், தேன் உருண்டையைத் தொடங்கும் முன் அவர் மருத்துவரிடம் கேளுங்கள். குருணை மருந்திலும் சர்க்கரை சேர்ப்பார்கள். 无蔗糖 என்று எழுதியிருந்தால்தான் கரும்புச் சர்க்கரை இல்லாதது. அதில் பையின் எடை குறைவாக இருக்கும் என்பதால், 10 கிராம் என்பதை நினைவில் வைத்து அளக்காமல் அந்தப் பெட்டியின் வரியையே பாருங்கள்.

கொத்தமல்லி

என் பையனுக்கு ஆறு வயது. பெட்டியில் 小儿酌减 என்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் பாதி கொடு என்கிறார்கள்.

நான்ஜிங்கில் படித்தவள்

அக்கா, அந்த நான்கு எழுத்துக்குக் 'குழந்தைக்குப் பார்த்துக் குறைக்கவும்' என்று பொருள். எவ்வளவு குறைப்பது என்று சொல்லவில்லை. பாதி என்பது ஊகம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் ஒரு எண் சொல்ல மாட்டேன். 成份 வரியைப் படம் எடுத்துப் போடுங்கள். ஆனால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திருப்பூர்த் துணிக்காரன்

பார்த்துவிட்டேன், அந்த ஆறு எழுத்தும் இருக்கிறது, சளி மருந்தும் இருக்கிறது. டோலோவை நிறுத்திவிட்டு, இன்று மூன்று பை குடித்தேன். மதியம் கண்ணைச் சுழற்றியது, துணிச்சந்தைக்கு டாக்சியில்தான் போனேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பெட்டியின் மூடியில் கடைக்காரம்மா பேனாவால் ஏதோ கிறுக்கியிருக்கிறார். 3-ஆ 2-ஆ தெரியவில்லை, பின்னால் 次 மட்டும் புரிகிறது. படம் போட்டிருக்கிறேன்.

நான்ஜிங்கில் படித்தவள்

கையெழுத்தைப் படத்தில் பார்த்தும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைக்குப் போய், அச்சான வரியையும் கிறுக்கலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக் காட்டுங்கள், விரலால் எண்ணிக் காட்டுவார். அதுவரை அச்சில் இருக்கிற மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.