பொருள்: எமுலேட்டர் உதவிப்பக்கத்திற்கான சொற்கள் – ‘படி’, ‘உரிமை’, ‘உடைமை’

கார்த்திகா:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இயக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் உதவிப்பக்கத்தைத் தமிழாக்கி வருகிறேன். ஞாயிறு இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். இவ்வகை மென்பொருளைக் குறிக்கும் எமுலேட்டர், விளையாட்டுக் கோப்பைக் குறிக்கும் ரோம், அக்கோப்பை எடுப்பதைக் குறிக்கும் டம்ப் ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும். இவற்றைவிட என்னை அதிகம் தடுமாற வைப்பது, “விளையாட்டு உங்களுக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும்” என்று நான் எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கை வாக்கியம். அது சரியான பொருளைத் தருகிறதா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது.

முத்தையா:

அன்புள்ள கார்த்திகா, எமுலேட்டருக்குப் ‘போன்மி’ என்பதே தகும். ‘போலும்’ என்பது ஈற்றயல் உகரம் கெட்டுப் ‘போன்ம்’ என நிற்பதையும், அங்கே மகரம் கால் மாத்திரையாகக் குறுகுவதையும் மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஒரு கருவி வேறொன்றைப் போல நடப்பதைச் சொல்ல இதைவிடச் செறிவான வேர் கிடைக்காது. நன்னூலார் உவம உருபுகளை அடுக்கும்போது ‘போல’ என்பதையே முதலில் வைத்தார். ‘மான’, ‘கடுப்ப’, ‘நிகர’ ஆகியவற்றிலிருந்தும் சொல் ஆக்கலாம். அவற்றைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நிர்மலா:

முத்தையா ஐயா, இலக்கணத்தில் குறை காணவில்லை. ஆனால் கைப்பேசித் திரையில் ‘போன்மி’ என்று வந்தால், என் மாணவர்கள் அதைப் போன் தொடர்பான ஏதோ ஒன்று என்றே படிப்பார்கள். எமுலேட்டர் என்பதே அவர்களுக்குத் தெரிந்த சொல். புரிந்த சொல்லை எடுத்துவிட்டுப் புரியாத சொல்லை வைப்பதற்குத் தமிழாக்கம் என்று பெயரிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ராஜேஷ்:

எமுலேட்டர் பற்றி எனக்குப் பிடிவாதம் இல்லை. ‘ரோம்’ மட்டும் வேண்டாம். தமிழில் எழுதினால் அது இத்தாலியத் தலைநகரமாகிவிடும் என்பது ஒருபுறம் இருக்க, இங்கே பொருளும் பொருந்தவில்லை. கார்ட்ரிட்ஜ் விளையாட்டுகளில் ரோம் என்ற சில்லுக்குள் இருந்ததை அப்படியே எடுத்ததால் கோப்புக்கும் சில்லின் பெயர் ஒட்டிக்கொண்டது. பிளேஸ்டேஷன் விளையாட்டு வந்தது குறுவட்டில். அதைக் கணினியின் சாதாரண குறுவட்டு இயக்கியிலேயே படிக்கலாம். படித்தால் பெரும்பாலும் கிடைப்பது ஒரு கோப்பு அல்ல, தரவு இருக்கும் .bin கோப்பும், எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் .cue என்ற சிறு உரைக்கோப்பும்.

இதை அறியாமல் பலர் தடுமாறுகிறார்கள். இசையைத் தனித் தடங்களாக வைத்திருக்கும் வட்டில், தடத்துக்கொரு .bin கோப்பு இருக்கும்போது முதல் .bin கோப்பை மட்டும் கைப்பேசிக்கு மாற்றித் திறந்தால், விளையாட்டு ஓடும், இசை மட்டும் கேட்காது. .bin கோப்பின் பெயரை மாற்றினாலும் சிக்கல்தான், ஏனெனில் .cue கோப்புக்குள் பழைய பெயரே எழுதப்பட்டிருக்கும். chdman என்ற கட்டளைவரிக் கருவியால் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சுருக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்:

```
chdman createcd -i game.cue -o game.chd
```

ஆகவே கோப்புக்கு ‘வட்டுப்படி’ என்றும், டம்ப் செய்வதற்குப் ‘படியெடுத்தல்’ என்றும் வைக்கலாம். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மைப்படி எடுப்பவர்கள் இன்றும் அந்த வினையைத்தான் ஆள்கிறார்கள்.

முத்தையா:

தம்பி ராஜேஷ், ‘படி’ வடமொழிப் ‘பிரதி’யின் திரிபு என்பாரும் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. ‘அப்படி’, ‘இப்படி’ என்பவற்றில் வரும் ‘படி’யும் ஒப்புமைப் பொருளதே, ‘படிதல்’ என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தால், ஒன்றன் மேல் ஒன்று படிந்து அதன் உருவைப் பெறுவது என்று விளங்கும். ஆகவே தயங்காமல் ஆளலாம்.

ஹமீது:

சொல் எதுவானாலும் சரி, எச்சரிக்கை வாக்கியத்தைப் பற்றி ஒன்று கூறுகிறேன். வட்டை விலை கொடுத்து வாங்கியவர் காப்புக்காக ஒரு படி வைத்துக்கொள்ளலாம் என்று நம் சட்டமே சொல்கிறது. எனவே அதே விளையாட்டை இணையத்திலிருந்து பதிவிறக்கினாலும் தவறில்லை. என்னிடம் சிறுவயதில் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடிய, ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அதில் உள்ளவற்றையும் இறக்கிக் கைப்பேசியில் விளையாட எனக்கு உரிமை உண்டுதானே?

ராஜேஷ்:

ஹமீது அண்ணே, முதல் பாதி சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(aa) பிரிவு இரண்டு நோக்கங்களுக்காகக் கணினி நிரலைப் படியெடுக்க இடம் தருகிறது: நிரல் எதற்காக வழங்கப்பட்டதோ அதற்குப் பயன்படுத்த ஒன்று, இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகமாகக் காத்துக்கொள்ள மற்றொன்று. ஆனால் அது சொல்வது, தம்மிடம் இருக்கும் அந்தப் படியிலிருந்து எடுக்கலாம் என்று. இணையத்தில் கிடைப்பது வேறொருவர் வட்டிலிருந்து யாரோ எடுத்தது. பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருந்தாலும் அது உங்கள் வட்டின் படி ஆகாது.

உங்கள் கார்ட்ரிட்ஜில் சிக்கல் அதற்கும் முந்தையது. அந்த வகைக் கார்ட்ரிட்ஜ்களில் இருந்தவை பெரும்பாலும் ஜப்பானிய நிறுவனங்களின் விளையாட்டுகளை அனுமதியின்றிப் படியெடுத்தவை. சில பத்து விளையாட்டுகளையே வெவ்வேறு பெயரிலும் வெவ்வேறு கட்டத்தில் தொடங்குமாறும் திரும்பத் திரும்பப் பட்டியலிட்டு எண்ணிக்கையைப் பெருக்கியிருப்பார்கள். கடையில் நீங்கள் பணம் கொடுத்தது உண்மைதான், அந்தப் பணத்தில் ஒரு காசும் உரியவரைச் சேர்ந்திருக்காது.

கார்த்திகா:

இப்போதுதான் என் வாக்கியம் ஏன் உறுத்தியது என்று விளங்குகிறது. பிரிவில் இருக்கும் சொல் உரிமையாளர் அல்ல. ஒரு படியைச் சட்டப்படி தம் வசம் வைத்திருப்பவர். விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்றால் அதைச் செய்த நிறுவனத்துக்குத்தான். நமக்குச் சொந்தமானது வட்டு. ஆகவே வட்டுக்கு ‘உடைமை’ என்றும், விளையாட்டுக்கு ‘உரிமை’ என்றும் பிரித்து ஆளலாமா? அப்படிச் செய்தால், வட்டை விற்றுவிட்டவர் படியை மட்டும் வைத்துக்கொள்ளும் நிலையையும் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

நிர்மலா:

பிரிப்பது நல்லதுதான். ஆனால் ‘உங்கள் உடைமையான வட்டு’ என்று எழுதினால் இரயில் நிலைய அறிவிப்பைப் போல ஒலிக்கும். ‘உங்களிடம் உள்ள அசல் வட்டிலிருந்து நீங்களே எடுத்த படி’ என்று எழுதுங்கள், கலைச்சொல்லே தேவைப்படாது. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் கருவிக்காக விற்கப்பட்ட வட்டைக் கைப்பேசியில் ஓட்டுவது, அது வழங்கப்பட்ட நோக்கத்துக்குள் அடங்குமா?

ராஜேஷ்:

நிர்மலா அக்கா, விளையாடுவதுதான் நோக்கம் என்று ஒருவர் வாதிடலாம். அந்தக் கருவியில் விளையாடுவதே நோக்கம் என்று நிறுவனத்தின் வழக்குரைஞர் வாதிடலாம். உதவிப்பக்கத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். எமுலேட்டரைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சோனிக்கும் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், அத்தகைய மென்பொருளை உருவாக்கும் ஆய்வுக்காகக் கருவியைத் தொடக்கி இயக்கும் அடிப்படை நிரலான பயாஸைப் படியெடுத்தது நியாயமான பயன்பாடே என்றது. விற்பனைக்கு வந்த மென்பொருளில் சோனியின் நிரல் இல்லை என்பது அங்கே முக்கியமாக இருந்தது. அதனால்தான் இன்றும் பல எமுலேட்டர்கள் பயாஸைத் தம்முடன் தராமல், 512 கிலோபைட் அளவுள்ள அந்தக் கோப்பை நம் கருவியிலிருந்து எடுத்துத் தரச் சொல்கின்றன. கார்த்திகா, வட்டுக்குச் சொல்வதைப் பயாஸுக்கும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். வட்டை முறையாகப் படியெடுத்தவர்களும் பயாஸை மட்டும் பதிவிறக்கிவிடுகிறார்கள்.

கார்த்திகா:

நேரம் நெருங்குவதால் இவ்வாறு அனுப்புகிறேன்: எமுலேட்டர் அப்படியே இருக்கும், கோப்பு ‘வட்டுப்படி’, வினை ‘படியெடு’, எச்சரிக்கையில் நிர்மலா அக்காவின் வாக்கியம், அதை அடுத்துப் பயாஸுக்கும் அதே வரி.

ஹமீது:

அந்தக் கார்ட்ரிட்ஜை விற்றவர்மீது நான் வழக்குப் போட முடியுமா என்று யாரும் சொல்லவில்லையே.

முத்தையா:

எமுலேட்டர் என்று எழுத்துப்பெயர்த்து அனுப்புவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘மான’ என்ற உருபிலிருந்து ‘மானி’ ஆக்கலாம் என்று எண்ணினேன். அது வெப்பமானியோடு மோதும். ‘நிகரி’ பற்றி நாளை எழுதுகிறேன்.