ஏரி சுத்தம்: பெரட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுறது?

லயத்துப் பையன்: தோட்டத்துக்குக் கீழ இருக்கிற ஏரிய சல்வீனியாங்கிற மிதக்கிற செடி மூடிக் கெடக்கு. ஞாயித்துக்கிழம அள்ளப் போறோம். சனிக்கிழம வேல பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுல சொல்ல எழுதினது: "நமது ஏரியைப் பாதுகாக்க அனைவரும் காலையில் அணிதிரண்டு வாரீர்." இது போதுமா?

பழைய கணக்கப்புள்ள: மேடைப் பேச்சா இருக்கு தம்பி. போன தடவ நாங்களும் இப்படித்தான் கூப்பிட்டோம். அறுவது பேர் வந்தாங்க, செடி அள்ளுற முள்ளு இருந்தது ஏழுதான். மத்தவங்க கரையில கத பேசிட்டு பத்து மணிக்கே போயிட்டாங்க. டிரக்டர் வந்தது பதினொன்னுக்கு. ஈரச் செடி கல்லுக் கனம், ஏத்த ஆளில்ல. ராத்திரி மழையில அம்புட்டும் திரும்பத் தண்ணிக்குள்ள. சின்னத் துண்டு மிஞ்சினாலும் அது பரவிரும்.

இப்படிச் சொல்லுங்க: "ஏழு மணிக்கு அணைக்கட்டுப் பக்கம். மேல் லயத்து ஆளுங்க கயித்தால செடிய வளைச்சு இழுக்கணும். கீழ் லயத்து ஆளுங்க முள்ளு கொண்டு வாங்க, கரைக்கு வாரத இழுத்துப் போடணும். வயசானவங்க போத்தல் பொறுக்கி உரச்சாக்குல போடுங்க, பாதிச் சாக்கு போதும். பத்தரைக்கு தேத்தண்ணி, பதினொன்னுக்கு வீடு."

முடியுற நேரத்தச் சொன்னாத்தான் ஆள் வரும். டிரக்டர புதன்கிழம வரச் சொல்லுங்க. அதுக்குள்ள தண்ணி வடிஞ்சு கனம் குறையும். குவியல மட்டும் தண்ணி ஏறாத மேட்டுல போடணும்.

கொழுந்துக்காரி மக: ஏழு மணியா? வாரம் பூரா விடிஞ்சதும் மலைக்கு ஓடுறோம். துணி தொவைக்க, டவுனுக்குப் போக ஞாயித்துக்கிழம ஒன்னுதான் இருக்கு. ஒன்பதுன்னு சொல்லுங்க.

பழைய கணக்கப்புள்ள: ஒன்பதுக்குக் காத்து எழும்பிரும் மகள். கயிறு நிக்காது.

கொழுந்துக்காரி மக: காத்து செடியத் தள்ளுற கரையில நின்னு அள்ளுங்களேன், கயிறே வேணாம்.

பழைய கணக்கப்புள்ள: அது நல்ல யோசனதான். ஆனா எங்க ஏரியில அந்தக் கரை முழங்கால் சேறு. உங்கட ஏரியில எப்படின்னு தம்பி போய்ப் பாக்கணும்.

நுவரெலியாக்காரன்: கிரகரி ஏரியத்தானே சொல்றீங்க? 1873ல கட்டினது. சுத்திப் பாக்க வாரவங்கதான் போத்தல் போடுறாங்க, அவங்களயே கூப்பிடுங்க!

லயத்துப் பையன்: இல்லண்ணே, இது தோட்டத்து ஏரி. இங்க படகும் இல்ல, சுத்திப் பாக்க யாரும் வாரதும் இல்ல.

மாட்டுப்பட்டி ராசா: எல்லாருக்கும் பூட்ஸ் குடுத்தா எலிக்காய்ச்சல் பயமில்ல.

டிஸ்பென்சரி அக்கா: பாதிதான் சரி. பூட்ஸுக்கு மேல தண்ணி ஏறினா அது உள்ளயே தேங்கி நிக்கும். வெட்டுக்காயம், அட்டை கடிச்ச புண் இருக்கிறவங்கள இறக்காதீங்க, கரையில சாக்குப் பிடிக்கட்டும். தடுப்பு மாத்திரை வேணுமான்னு சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயாகிட்ட இந்த வாரமே கேளுங்க. ஏரியில இறங்கி ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலோட கெண்டைக்கால் வலி வந்தா, தண்ணியில இறங்கினத டாக்டர்கிட்ட சொல்லணும். இதையும் பெரட்டுலயே சொல்லிருங்க.

லயத்துப் பையன்: மாத்தி எழுதிட்டேன். நேரம் மட்டும் பாக்கி.

பழைய கணக்கப்புள்ள: ஏழு.

கொழுந்துக்காரி மக: ஒன்பது. தேத்தண்ணியோட ரொட்டி உண்டா?