நீள முடி நீளமாவே விழுது, ஆனா வேர்முனை காணோம். உதிர்றதா, உடையறதா?

ஒயிட்ஃபீல்டு வாசி
பெங்களூரு, டேங்கர் தண்ணி. எனக்குச் சுருட்டை முடி, இப்ப 55 செ.மீ நீளம். போன வருஷம் தீபாவளி சமயத்துல பார்லர்ல ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணினேன். ரெண்டு மாசமா தலைக்குக் குளிச்சா கைநிறைய முடி வருது. துண்டு துண்டா இல்ல, நீள நீளமா வருது. அதனால வேரோடதான் உதிருதுன்னு நினைக்கிறேன். உச்சியில குட்டி முடிகளும் நிக்குது, அது புதுசா முளைக்கிறதா? விழுந்த முடியில சிலதுக்கு முனையில வெள்ளைப் புள்ளி இருக்கு, சிலதுக்கு இல்ல. இதுல எதுக்குப் பயப்படணும்?

மடிவாலா மாமி
வெள்ளையா இருந்தா வேரே செத்து வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம்மா. அந்த இடத்துல இனி முளைக்காது. பயோட்டின் எடுத்துக்கோ, பாத்ரூமுக்கு ஷவர் ஃபில்டர் போடு. இந்த ஊர் போர் தண்ணிதான் எல்லாத்துக்கும் காரணம்.

ஜெயநகர் ட்ரைக்கோ
மாமி, அது வேர்முனைதான், ஆனா செத்த வேர் இல்ல. முடி வளர்ந்து முடிச்சு, ரெண்டு மூணு மாசம் சும்மா இருந்து, தானா கழண்டு விழும்போது அடிமுனை தீக்குச்சித் தலை மாதிரி சின்னதா, நிறமில்லாம இருக்கும். முடியை வளர்க்கிற குழி தோலுக்குள்ளயே இருக்கு, அடுத்த முடி அதுலதான் வரும். ஒரு நாளைக்கு 50லேர்ந்து 100 வரை இப்படி விழுறது சாதாரணம். மூணு நாள் குளிக்காம விட்டா அதெல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல வந்த மாதிரி தெரியும்.

ஒயிட்ஃபீல்டு, நீளத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. முடி உச்சந்தலைக்குப் பக்கத்துல ஒடிஞ்சாலும் விழுற துண்டு நீளமாத்தான் இருக்கும். ரெண்டு முனையையும் பாக்கணும். அடுத்த குளியலுக்கு இப்படிப் பண்ணுங்க:

ஜலதாரையில ஒரு மல்துணியைப் போட்டு, அதுல விழுறதை மட்டும் எடுங்க. விளக்குமாத்துல கூட்டினது வேண்டாம், வீட்ல மத்தவங்க முடியும் கலந்திருக்கும், மிதிபட்டு முனையும் கெட்டிருக்கும். காயவிட்டு கறுப்புத் துணிமேல பரப்புங்க. வெள்ளைக் காகிதத்துல வெள்ளை முனை கண்ணுக்கே தெரியாது, நிறைய பேர் 'வேர் இல்ல'ன்னு சொல்றது அதனாலதான். நுனியைப் பாக்கும்போது மட்டும் வெள்ளைக் காகிதத்துக்கு மாத்திக்கலாம். போன் கேமராவுல பெரிசாக்கினாலே போதும்.

எது வேர்ப்பக்கம்னு தெரியலன்னா ரெண்டு விரலுக்கு நடுவுல முடியை வச்சு நீளவாக்குல உருவுங்க. ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் உருவினா சொரசொரக்கும். வழுக்குற திசை வேர்லேர்ந்து நுனிக்கு. இன்னொண்ணு, கண்டிஷனரோ பொடுகோ ஒட்டி நின்னாலும் வெள்ளையாத்தான் இருக்கும். நகத்தால மெதுவா உருவினா அது நகர்ந்து கழண்டு வரும், உண்மையான முனை அசையாது.

ஆர்.டி. நகர் அம்மா
எனக்குக் குழந்தை பிறந்து நாலு மாசம். கொத்துக் கொத்தா வருது, எல்லாத்துலயும் வெள்ளை முனை. எனக்கும் ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணினதாலயா?

ஜெயநகர் ட்ரைக்கோ
உங்களுது வேற கதை. பிரசவத்துக்குப் பிறகு சில மாசத்துல இப்படி உதிர்றது வழக்கம், பெரும்பாலும் தானா நிக்கும். தனியா ஒரு இழை போடுங்க, இங்க ரெண்டையும் கலந்தா குழப்பம்.

ஒயிட்ஃபீல்டு வாசி
நேத்து பண்ணிட்டேன். மொத்தம் 72. வெள்ளை முனை உள்ளது 29, எல்லாம் முழு நீளம். முனையே இல்லாதது 38, அதுல 31 முடி 40லேர்ந்து 45 செ.மீ வரை, மீதி 7 சின்னத் துண்டு. அப்புறம் 5 முடி 6 செ.மீ கூட இல்ல, மெலிசா, ஆனா அதுக்கு வெள்ளை முனை இருக்கு. அந்த 31க்கு வேர்ப்பக்கம் பிசிறா இருக்கு, எதிர் நுனி கத்திரி வெட்டினது.

ஜெயநகர் ட்ரைக்கோ
அருமையா பிரிச்சிருக்கீங்க. உங்க முடி 55, துண்டு சுமார் 43. அப்போ ஒடியற இடம் தலையிலேர்ந்து ஏறக்குறைய 12 செ.மீ தள்ளி. முடி மாசத்துக்கு சுமார் 1 செ.மீ வளரும், ஸ்ட்ரெயிட்டனிங் ஆகி ஒரு வருஷம். மருந்து பட்ட முடியும் அதுக்கப்புறம் முளைச்ச முடியும் சந்திக்கிற இடத்துலதான் ஒடியுது.

இதை உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. வெள்ளை முனை உள்ள 29ஐ எடுத்துப் பாருங்க, வேர்ப்பக்கம் கொஞ்ச தூரம் சுருட்டையா இருந்து அப்புறம் நேராகும். ஒடிஞ்ச 31ல அந்தச் சுருட்டைப் பகுதியே இருக்காது, ஏன்னா அது இன்னும் உங்க தலையிலதான் நிக்குது.

உச்சியில நிக்கிற குட்டி முடியும் அதுதானா இருக்கலாம். நுனியைப் பாருங்க. புதுசா முளைச்சதுக்கு நுனி ஊசியா மெலிஞ்சு போகும். ஒடிஞ்ச கட்டைக்கு நுனி தடிமனா, மொட்டையாவோ பிளந்தோ இருக்கும்.

மடிவாலா மாமி
அப்போ தண்ணிக்குச் சம்பந்தமே இல்லன்றீங்களா? காவிரி தண்ணி வர்ற ஏரியாவுல இருக்கிறவங்க முடியைப் பாருங்க!

ஜெயநகர் ட்ரைக்கோ
கொஞ்சம் இருக்கு மாமி. உப்புப் படிஞ்சா முடி சொரசொரன்னு ஆகி ஒண்ணோட ஒண்ணு உரசும், சிக்கு விழும். ஆனா அப்படிக் கெடும்போது அடிபடுறது பெரும்பாலும் பழைய பகுதி, அதாவது நுனி. 31 முடி ஒரே உயரத்துல ஒடியறதுக்குத் தண்ணியால விளக்கம் சொல்ல முடியாது. சாதாரண ஷவர் ஃபில்டர் தண்ணியோட கடினத்தைக் குறைக்காது, அதுக்கு உப்பு போட்டு ஓட்டுற சாஃப்ட்னர்தான் வேணும்.

ஒயிட்ஃபீல்டு வாசி
நீங்க சொன்னது சரி, 29லயும் அடியில சுருட்டை இருக்கு, 31ல ஒண்ணுலகூட இல்ல. உச்சிக் குட்டி முடி பாதிக்கு மேல மொட்டை நுனி. தினம் ஒரே உயரத்துல ரப்பர் பேண்ட் போட்டு உயரக் கொண்டை போடுவேன், அதனாலயும் இருக்குமா?

ஜெயநகர் ட்ரைக்கோ
ரப்பர் பேண்ட் இறுகுற இடம் அந்த 12 செ.மீ பக்கம் வந்தா கண்டிப்பா சேர்ந்து கெடுக்கும். துணி சுத்தின பேண்ட் தளர்வா, வேற வேற உயரத்துல போடுங்க. ஈரமா இருக்கும்போது சாதா சீப்பைப் போடாம, கண்டிஷனரோட அகலப் பல் சீப்பால நுனியிலேர்ந்து மேல வாங்க. மறுபடி ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணவே கூடாது. 'வேர் டச்-அப்'னு பார்லர்ல சொல்லுவாங்க, மருந்து பழைய பகுதிமேல கொஞ்சம் வழிஞ்சாலும் அந்தச் சந்திப்பு இன்னும் மோசமாகும். பயோட்டினோ மினாக்ஸிடிலோ ஒடிஞ்ச முடியை ஒட்டாது, இப்ப செலவு பண்ண வேண்டாம்.

கோரமங்களா குமார்
வேர்முனை இல்லாத அந்த 38ல ஒரு சந்தேகம். சீப்புல இழுக்கும்போது ஏற்கனவே கழண்ட முடியே நடுவுல அறுந்தா, நுனித் துண்டுக்கு வேர்முனை இருக்காதே? அதையும் ஒடிஞ்சதுன்னு எண்ணிடுவோமே.

ஜெயநகர் ட்ரைக்கோ
நல்ல கேள்வி. அப்படி அறுந்தா ஜோடியா வரும், வெள்ளை முனையோட ஒரு பாதி, வெட்டு நுனியோட ஒரு பாதி. இவங்க 29ம் முழு நீளம்னு சொல்றாங்க, அதனால அது பெரிசா இல்ல. அந்த 7 சின்னத் துண்டு எங்கேர்ந்து வந்ததுன்னு மட்டும் சொல்ல முடியல.

ஒயிட்ஃபீல்டு வாசி
அந்த 5 மெலிசான முடி?

ஜெயநகர் ட்ரைக்கோ
அதோட நுனி ஊசியா இருக்கான்னு பாருங்க. வெள்ளை முனையும் ஊசி நுனியும் ரெண்டும் இருந்தா அது வளரவே கொஞ்ச காலம்தான் எடுத்து விழுந்த முடி. நெற்றி ஓரத்துல அப்படி முடி எப்பவும் இருக்கும், அங்கேர்ந்து வந்திருக்கலாம். வகிடு முன்னவிட அகலமாகி, இந்த வகை ஒவ்வொரு குளியலுக்கும் கூடிட்டே போனா தோல் டாக்டர் டெர்மோஸ்கோப்ல உச்சியைப் பாக்கணும். 5 முடியை வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஒயிட்ஃபீல்டு வாசி
வகிடு அகலமானதான்னு பழைய போட்டோ தேடிப் பாக்குறேன். கீழ இருக்குற 43 செ.மீயை வெட்டிடலாமா இல்ல கொஞ்சம் கொஞ்சமாவா?

ஆர்.டி. நகர் அம்மா
வெட்டாதீங்க, அவ்வளவு நீளம்!