ஜப்பான் கிளையண்ட்டுக்கு நாலு வரி மெயில், ஒரு வாரம் பதிலே இல்ல – இதே மாதிரி உங்க அனுபவம் சொல்லுங்க

பாலம்:
நான் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர். டெவலப்பர்ஸ் எழுதுற மெசேஜை ஜப்பான் கிளையண்ட்டுக்கு போறதுக்கு முன்னாடி திருத்தி எழுதுறதுதான் இப்ப என் வேலைல பாதி. இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொல்றேன், உங்களுக்கும் நடந்திருந்தா எழுதுங்க.

குடோன் ஸ்டாக் எண்ணுற ஆப், ரிலீஸ் 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை. 9ஆம் தேதி அவங்க சைடுல இருந்து சிஎஸ்வி ஃபார்மேட்ல ஒரு பெரிய மாற்றம் வந்தது. மறுநாள் காலைல எங்க டெவலப்பர் நேரா மெயில் போட்டுட்டார், அதை தமிழ்ல சொன்னா இவ்ளோதான்:

"இந்த ரிலீஸ்ல இது முடியாது. ஸ்பெக்கை நீங்க லேட்டா மாத்தினீங்க. 25 வரைக்கும் டைம் வேணும். இன்னைக்குள்ள கன்ஃபர்ம் பண்ணுங்க."

இதுல ஒரு வார்த்தை கூட பொய் இல்ல. திட்டவும் இல்ல. ஆனா சிசில அவங்க செக்ஷன் ஹெட், அதாவது கச்சோ, இருந்தார். சாயங்காலம் எங்க கான்டாக்ட் கிட்ட இருந்து "புரிந்தது, உள்ளே கலந்து பரிசீலிக்கிறோம்"னு ஒரே வரி வந்தது. டெவலப்பர் அதை ஓகேன்னு எடுத்துக்கிட்டு 25க்கு பிளான் போட்டுட்டார், நானும் அப்படியே நம்பினேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் சத்தமே இல்ல. 17ஆம் தேதி காலைல கச்சோவே எழுதுறார், "நாளைய டெலிவரி எத்தனை மணிக்கு?"ன்னு. அன்னைக்கு எனக்கு வயிறு கலங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்புறம்தான் அவங்க பக்கம் வேலை செஞ்ச, ரெண்டு டீமுக்கும் நடுவுல பாலமா இருக்கற இன்ஜினியர், அதாவது பிரிட்ஜ் எஸ்இ ஒருத்தர் விஷயத்தை சொன்னார். அந்த மாற்றத்தை கடைக்காரங்க கிட்ட இருந்து வாங்கி, கொஞ்ச நாள் கைல வச்சிருந்து, லேட்டா எங்களுக்கு அனுப்பினவரே நம்ம கான்டாக்ட்தான். "நீங்க லேட்டா மாத்தினீங்க"ன்னு கச்சோ கண்ணு முன்னாடி எழுதினதும் அவரால அந்த மெயிலை எடுத்துக்கிட்டு மேல போகவே முடியல, போனா முதல் கேள்வி அவர் மேலதான் விழும். அதனால அது அப்படியே நின்னுபோச்சு.

கோடு மட்டும்:
நானும் டெவலப்பர்தான். இதுக்கு சுலபமான வழி இருக்கு, எல்லா வரிலயும் ஒரு ப்ளீஸ், முன்னாடி ஒரு ஸாரி, முடிவுல நன்றி. ஜப்பான்காரங்களை ஹைகான்டெக்ஸ்ட்னு சொல்றாங்களே, அப்படின்னா அதிக மரியாதை எதிர்பார்க்கிறவங்க, அவ்ளோதான். நான் அப்படித்தான் எழுதுறேன், யாரும் கோபப்பட்டதில்ல.

என்3 முடிச்சாச்சு:
அக்கா, நான் ஜப்பானீஸ் பரீட்சைல என்3 பாஸ் பண்ணிட்டேன், என்2க்கு படிக்கிறேன். இந்த மாதிரி மெயில் ஜப்பானீஸ்ல எழுத கெய்கோ, அதாவது மரியாதை மொழி, எந்த லெவல் வரைக்கும் தெரிஞ்சிருக்கணும்?

பாலம்:
தம்பி, நான் சொல்ற மெயில் எல்லாமே இங்கிலீஷ்லதான் போச்சு. அவங்களும் இங்கிலீஷ்லதான் எழுதுறாங்க. பாஷை மாறினாலும் அவங்க படிக்கிற விதம் மாறல, அதான் விஷயம். கெய்கோ படி, நல்லது, ஆனா இங்க சிக்கல் அது இல்ல.

இருபது வருஷம் வெண்டர் பக்கம்:
கோடு மட்டும் சார் சொன்னது பாதி சரி. ஹைகான்டெக்ஸ்ட்ங்கற பேச்சை எட்வர்ட் ஹால்னு ஒரு மானுடவியல் ஆள் 1976ல எழுதினார். சொல்ல வர்றதுல எவ்வளவு வார்த்தைல இருக்கு, எவ்வளவு சூழ்நிலைல இருக்குங்கறதுதான் அதுல கேள்வி. யார் எழுதினாங்க, யார் சிசில இருக்காங்க, எந்த நேரத்துல வந்தது, என்ன சொல்லாம விட்டாங்க, இது எல்லாத்தையும் சேர்த்துத்தான் படிப்பாங்க. "தயவுசெய்து இன்றைக்குள் கன்ஃபர்ம் பண்ணுங்கள், மன்னிக்கவும், நீங்கள் லேட்டாக மாற்றினீர்கள்"னு எழுதிப் பாருங்க, ப்ளீஸும் இருக்கு ஸாரியும் இருக்கு, ஆனா அந்த ஆள் இன்னும் கச்சோ முன்னாடி மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிறார்.

நான் திருத்தும்போது முதல்ல பார்க்கறது வாக்கியம் யாரை வச்சு ஆரம்பிக்குதுன்னு. "நீங்க"ல ஆரம்பிச்சா அதை "நாங்க"ன்னு திருப்ப முடியுமா, இல்ல தேதியை மட்டும் முன்னாடி வைக்க முடியுமான்னு பார்ப்பேன். ரெண்டாவது, படிக்கிறவர் இதை அப்படியே தன் பாஸுக்கு ஃபார்வர்ட் பண்ண முடியுமான்னு. முடியாதுன்னா அந்த மெயில் அவரோட இன்பாக்ஸ்லயே செத்துடும்.

அப்புறம், முடியாதுங்கற விஷயம் மெயில்ல முதல் தடவையா போகவே கூடாது. முன்னாடியே கான்டாக்ட்டுக்கு தனியா ஒரு கால், பத்து நிமிஷம். அவங்க இதை நெமவாஷின்னு சொல்வாங்க, மரத்தை பிடுங்கி வேற இடத்துல நடறதுக்கு முன்னாடி வேரை சுத்தி மண்ணை பக்குவம் பண்றதுக்கான வார்த்தை. அந்த கால்ல நான் கேக்கறது ஒண்ணுதான், "எப்படி எழுதினா உங்களுக்கு உள்ள பேச வசதியா இருக்கும்?" நிறைய தடவை அவங்களே வாசகம் சொல்லிடுவாங்க.

பாலம்:
அந்த கால் விஷயம் நூத்துக்கு நூறு சரிங்க. அதே மெயிலை இப்ப எழுதினா நான் இப்படி எழுதுவேன், அதுக்கப்புறம் வந்த மூணு டிலேவுக்கும் இதே வடிவம்தான் போச்சு:

> பொருள்: 18ஆம் தேதி ரிலீஸ், சிஎஸ்வி மாற்றம் குறித்து ஆலோசனை
>
> தொடர்ந்து தரும் ஒத்துழைப்புக்கு நன்றி. 9ஆம் தேதி வந்த திருத்தத்தைப் படித்தோம். கடை ஊழியர்கள் இரண்டு முறை பதிவு செய்யும் வேலை இதனால் குறையும் என்று புரிந்துகொண்டோம்.
>
> அதை வைத்து வேலையை மறுபடி கணக்கிட்டதில், சிஎஸ்வி பகுதியைச் சோதிக்க மட்டும் 5 வேலை நாள் ஆகிறது. சிரமம் தருவதற்கு வருந்துகிறோம், முழுவதையும் 18க்குள் முடிப்பது கடினமாக உள்ளது.
>
> இரண்டு வழி யோசித்தோம். ஒன்று, திரைகளை 18ஆம் தேதியும் சிஎஸ்வியை 25ஆம் தேதியும் தருவது. இன்னொன்று, எல்லாவற்றையும் 25ஆம் தேதி சேர்த்துத் தருவது.
>
> உங்கள் பக்கம் எது வசதி என்று 14ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் தெரிவித்தால் அதற்கேற்ப ஏற்பாடு செய்கிறோம். 14ஐத் தாண்டினால் முதல் வழி அமையாது.

"லேட்டா மாத்தினீங்க" எங்கயும் இல்ல, ஆனா 9ஆம் தேதின்னு இருக்கு. யாருக்கு கணக்கு தெரியணுமோ அவங்களுக்கு அது போதும். அந்த மாற்றத்தால யாருக்கு நன்மைன்னு ஒரு வரி சேர்த்ததால கான்டாக்ட் தப்பு பண்ணவர் மாதிரி தெரியல, கடைக்காக ஒரு நல்ல விஷயத்தை கொண்டுவந்தவர் மாதிரி தெரியறார். ரெண்டு வழி வச்சதால கச்சோ கிட்ட "எதை எடுக்கலாம்?"னு போய் நிக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்குது, "வெண்டர் முடியாதுங்கறாங்க"ன்னு போக வேண்டியதில்ல.

கடைசி வரியை மட்டும் நான் மழுப்பவே மாட்டேன். முதல் தடவை அதையும் மழுப்பி "விரைவில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்"னு எழுதினேன், மறுபடியும் ஆறு நாள் போச்சு.

ஆபரேஷன்ஸ் ஆளு:
மழுப்புறது பத்தி என் கேஸ். நானும் "18க்குள் கடினம்"னு எழுதினேன். டோக்கியோ ஆபீஸ்ல அதை முடியாதுன்னுதான் புரிஞ்சுக்கிட்டாங்க, ஏன்னா அவங்களே இல்லைன்னு சொல்ல முஸுகாஷீன்னுதான் சொல்வாங்க, கஷ்டம்னு அர்த்தம். ஆனா அந்த மெயில் அப்படியே அவங்க அமெரிக்க பிராஞ்சுக்கு ஃபார்வர்ட் ஆச்சு, அங்க இருந்தவர் "கஷ்டம், ஆனா செஞ்சுடுவாங்க"ன்னு படிச்சு அவர் டீம்கிட்ட 18ன்னே சொல்லிட்டார். ஒரே மெயில், ரெண்டு அர்த்தம். இப்ப நான் மெயில்ல மென்மையா எழுதிட்டு கீழ ஒரு சின்ன டேபிள் போடுறேன், வேலை, பழைய தேதி, புது தேதி, மூணே நெடுவரிசை. அதுல கடினம்ங்கற வார்த்தையே கிடையாது.

கடல் தாண்டி:
எனக்கு இந்தோனேசியா கிளையண்ட். குரூப்ல "ஏன் இன்னும் அப்ரூவ் பண்ணல?"ன்னு எங்க லீட் கேட்டார், அத்தனை பேர் முன்னாடி. "பெலும்"னு பதில், அதாவது இன்னும் இல்ல. அவங்க நேரா இல்லைன்னு சொல்றது ரொம்ப குறைவு, பெலும்லயே நிறைய இல்லை ஒளிஞ்சிருக்கும், அது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் பிடிபட்டது. அப்புறம் நான் தனி சாட்ல பாக்னு மரியாதையா கூப்பிட்டு, ரெண்டு வரி நலம் விசாரிச்சு, "எங்க டாக்குமெண்ட்ல ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க, சரி பண்றோம்"னு கேட்டேன். அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டார், விலை பக்கத்துல அவர் மேலதிகாரிக்கு உடன்பாடு இல்லையாம். அதை குரூப்ல அவர் எப்படி சொல்வார், பாவம்.

கோடு மட்டும்:
சரி, ப்ளீஸ் மட்டும் போதாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம், உண்மையிலேயே அவங்கதான் லேட் பண்ணாங்க, நாம ஏன் வருந்துறோம்னு எழுதணும்? எங்க ஒப்பந்தத்துல டிலே ஆனா பெனால்டின்னு ஒரு ஷரத்து இருக்கு. நாளைக்கு இந்த மெயிலை எடுத்துக் காட்டினா?

இருபது வருஷம் வெண்டர் பக்கம்:
நியாயமான கேள்வி. பாலம் எழுதினது "சிரமம் தருவதற்கு". தாமதத்துக்கு காரணம் நாங்கன்னு எங்கயும் சொல்லல. அவங்க மொழில இது ஒரு குஷ்ஷன், குஷ்ஷன் கொத்தோபான்னே பேர் இருக்கு, கடினமான விஷயத்துக்கு முன்னாடி போடுற மெத்தை. ஆனா பெனால்டி இருக்கற இடத்துல எங்க லீகல் டீம் அந்த ஒரு வரியையும் வெட்டிடுவாங்க. வெட்டினா மெயில் மொட்டையா நிக்கும், விட்டா லீகலுக்கு பயம். நான் வருத்தத்தை கால்ல வாயால சொல்லிட்டு மெயில்ல நன்றியை மட்டும் வைக்கிறேன், ஆனா இது எல்லா கிளையண்ட்டுக்கும் ஒத்துவரல.

பாலம்:
எங்க லீகல் விட்டுட்டாங்க, ஆனா "தாமதம்"ங்கற வார்த்தை பக்கத்துல "வருந்துகிறோம்" வரக்கூடாதுன்னு சொன்னாங்க. அது சரியான முடிவான்னு எனக்கும் இன்னும் உறுதியா தெரியல.

என்3 முடிச்சாச்சு:
அக்கா ஒரு கேள்வி, "பரிசீலிக்கிறோம்"னு வந்தா அது ஓகேவா இல்லையான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பாலம்:
தேதி இருக்கான்னு பாரு. "16க்குள் பரிசீலித்துச் சொல்கிறோம்"னா நிஜமாவே உள்ள பேசுறாங்க. தேதி இல்லாம வெறும் கெந்தோ ஷிமாசு, அதாவது பரிசீலிக்கிறோம், மாதிரி வந்தா நான் அதை இல்லைன்னே வச்சுக்கறேன், இல்ல மேல கொண்டுபோக முடியலைன்னு வச்சுக்கறேன். வேற அடையாளமும் இருக்கு. தினமும் சின்னச்சின்ன கேள்வி கேட்டவர் திடீர்னு கேள்வியை நிறுத்திட்டார்னா, இல்ல இத்தனை நாள் பேருக்குப் பின்னாடி சாதாரணமா சான்னு எழுதினவர் இன்னும் மரியாதையா சாமான்னு எழுத ஆரம்பிச்சார்னா, நான் அன்னைக்கே போனை எடுத்துடுவேன்.

கோடு மட்டும்:
நேத்து ஒரு மெயில் எழுதி வச்சிருக்கேன், அனுப்பல. "உங்கள் சர்வர் செட்டிங் தவறு, அதனால்தான் பக்கம் திறக்கவில்லை"ன்னு இருந்தது. இப்ப மாத்தினேன்: "எங்கள் பக்கம் பார்த்ததில் போர்ட் 8443 மூடியிருப்பது போல் தெரிகிறது. உங்கள் பக்கம் ஒருமுறை சரிபார்க்க முடியுமா?" இது ஓகேவா?

பாலம்:
ரொம்ப நல்லா இருக்குங்க. சிசில யார் யார் இருக்காங்க?

கோடு மட்டும்:
அவங்க நெட்வொர்க் ஆள், அவரோட மேனேஜர்.

பாலம்:
மேனேஜரை எடுத்துட்டு அனுப்புங்க. போர்ட்டை அவரே திறந்துட்டு சரியாச்சுன்னு சொல்லட்டும், அதுக்கு வர்ற நன்றி மெயில்ல மேனேஜரை சேர்த்துக்கலாம்.