தலைவருக்கு 205 நோட்டீஸ்: கலெக்டர் உத்தரவு கோர்ட்டில் எங்கே விழுகிறது?

செல்வராணி: எங்கள் கிராம ஊராட்சித் தலைவருக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் கலெக்டர் நோட்டீஸ் வந்திருக்கிறது. மன்றத்தையே கலைத்துவிடுவார்களா?

பாஸ்கரன்: இல்லைங்க. 205 தலைவரை நீக்குவதற்கு மட்டும். மன்றத்தைக் கலைப்பது வேறு. கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243E. புதிதாக வருகிறவர்களுக்கும் மிச்சக் காலம்தான். அதனால் அரசு பெரும்பாலும் தலைவர் மீதுதான் கை வைக்கும்.

ராஜமாணிக்கம்: உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்துப் போட்டால் தலைவர் போய்விடுவார். அவ்வளவுதான்.

பாஸ்கரன்: பாதி சரி. அந்தக் கையெழுத்து புகாரைத் தொடங்கி வைக்கும், அவ்வளவே. கையெழுத்தே இல்லாமல் கலெக்டர் தானாகவும் தொடங்கலாம். பிறகு விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் தாசில்தாரிடம் அனுப்ப வேண்டும். அவர் ஏழு நாளாவது முன்னதாக நோட்டீஸ் கொடுத்துக் கூட்டம் போட்டு மன்றத்தின் கருத்தைப் பதிவு செய்வார். அதைப் பார்த்துவிட்டுக் கலெக்டர் முடிவெடுப்பார். ஓட்டு அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மன்றம் வேண்டாம் என்று சொல்லியும் நீக்கினால், ஏன் என்று உத்தரவில் எழுத வேண்டும். 'விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை' என்று ஒரே வரியில் முடித்த உத்தரவுகள்தான் ஹைகோர்ட்டில் முதலில் அடிபடும்.

செல்வராணி: நோட்டீசில் 'ஆடிட் குறைபாடு' என்று மட்டும்தான் இருக்கிறது.

பாஸ்கரன்: எந்த வவுச்சர், எந்த வேலை, எவ்வளவு தொகை என்று இல்லாவிட்டால் பதில் எழுதவே வழியில்லை. ஆடிட் அறிக்கையின் நகல் கேட்டு உடனே மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். 2012-இல் உரண் நகராட்சித் தலைவர் வழக்கில் (ரவி யஷ்வந்த் போயிர்), மக்கள் தேர்ந்தெடுத்தவரை அரசு ஊழியரை நீக்குவதைவிடச் சுலபமாக நீக்கிவிட முடியாது, குற்றச்சாட்டு கனமானதாக இருக்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். சின்னச் சின்ன நடைமுறைப் பிசகு போதாது.

இளங்கோ: எங்கள் ஊரில் நீக்கமே இல்லை. செக் கையெழுத்து அதிகாரத்தை மட்டும் பிடுங்கி பிடிஓவிடம் கொடுத்துவிட்டார்கள், அதே சட்டத்தின் 203-ஆம் பிரிவைக் காட்டி.

பாஸ்கரன்: இதுதான் குறுக்கு வழி. 203 அவசரத்துக்கானது. குடிநீர் மோட்டார் எரிந்து கிடக்கிறது, துணைத்தலைவர் செக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என்றால் பொருந்தும். தண்டனையாகவோ காலவரையின்றியோ பயன்படுத்தினால் கேள்வி வரும். உத்தரவில் என்ன அவசரம், எத்தனை நாளைக்கு என்று இருக்கிறதா பாருங்கள்.

இளங்கோ: எங்கள் ரிட்டில் ஸ்டே கிடைக்கவில்லையே.

பாஸ்கரன்: கோர்ட் எப்போதும் தலைவர் பக்கம் என்று நான் சொல்லவில்லை. முறைகேட்டுக்கான ஆவணம் தெளிவாக இருந்தால் 203 உத்தரவும் நின்றிருக்கிறது. உங்கள் உத்தரவைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

முத்துலட்சுமி: எங்கள் ஊரில் 2025 ஜனவரியிலிருந்து தனி அலுவலர்தான். இதை எதிர்த்து 205-இல் போகலாமா?

பாஸ்கரன்: அது கலைப்பும் இல்லை, நீக்கமும் இல்லைம்மா. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஐந்தாண்டு முடிந்துவிட்டது. அங்கே கேட்க வேண்டியது தேர்தல் எப்போது என்பதை. வார்டு மறுவரையறை நடக்கிறது என்று சொல்லித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட்டில் கிஷன் சிங் தோமர் வழக்கிலேயே சொல்லியாயிற்று.

ராஜமாணிக்கம்: சொல்லியாயிற்று, சரி. 2016-லிருந்து மூன்று வருஷம் இங்கே தனி அலுவலர்தானே இருந்தார்?